நீலத் திட்டுகள்

டீச்சரின் கணவர் ஈரச் சட்டையை இஸ்திரி மேஜையில் போட்டார். வெள்ளைச் சட்டை முழுக்கத் திட்டுத் திட்டாக நீலம். வலது கைப்பட்டையில் மங்கிய பழுப்புக் கறை.

"கறை தெரியக் கூடாது. இன்னும் நீலம் ஊத்து, கஞ்சியும் கெட்டியாப் போடு."

சலவைக்காரி சட்டையை விரித்தாள். "நீலம் கறைய எடுக்காது சார். மஞ்சளிப்ப அடக்கி கண்ணுக்கு வெள்ளையாக் காட்டும், அவ்வளவுதான். கஞ்சி கெட்டியானா இஸ்திரில தீஞ்சுரும். யாரு சார் துவைச்சது?"

"வேற யாரு? என் பொண்டாட்டிதான், காலைல. சட்டைய வச்சு விசாரணை நடத்துறியா?"

அவள் கை நின்றது. டீச்சர் பத்து வருஷமாக இங்கே துணி தேய்க்கக் கொடுப்பவர். ஒரு வாளித் தண்ணீரில் நாலே சொட்டு நீலம் விட்டு, நன்றாகக் கலக்கிய பிறகுதான் துணியை முக்குவார். அக்கம்பக்கத்துக்கும் அதையே ஓதுவார். துணி மேல் நேராக ஊற்றினால்தான் இப்படித் திட்டு விழும்.

டீச்சரை மூன்று நாளாகக் காணவும் இல்லை.

"என்ன முழிக்கிற?"

"ஒண்ணுமில்ல சார். கஞ்சி இனிமேதான் காய்ச்சணும். உக்காருங்க."

உள்ளே போய்த் தன் கணவனின் காதருகே குனிந்தாள். "பின்வாசல் வழியா ஓடுய்யா. போலீசக் கூட்டிக்கிட்டு நேரா டீச்சர் வீட்டுக்குப் போ. இந்தாளு பொய் சொல்றான்."

கஞ்சி காய்ச்ச ஐந்து நிமிஷம் போதும். அவள் அடுப்பை மிகச் சிறிதாக எரியவிட்டு, கிளறிக்கொண்டே இருந்தாள். வெளியே அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.