பித்தளைப் பட்டைகள்

குருவிட்டப் பக்கம் மாணிக்கக் குழி வெட்டுகிறவர்கள் குழியில் இறங்குமுன் சாமி கும்பிடுவார்கள், பம்பை யாரும் கும்பிடுவதில்லை. உயிரைப் பிடித்து வைத்திருப்பது என்னவோ பம்புதான். அன்று காலை மழையில், ஓயா என்கிற சிற்றாற்றுப் பக்கத்து மண்சுவர் சரிந்தபோது, பம்பும் மோட்டரும் சேறோடு சேறாகப் புதைந்துபோயின. கீழே நின்ற மூன்று பேரில் இருவர் ஏணியில் தொற்றி ஏறிவிட்டார்கள். யேசுதாசன் மட்டும் ஏறவில்லை. முட்டுக்கொடுத்திருந்த மரமொன்று அவன் காலின்மேல் விழுந்து, அதன்மேல் மண் அமுக்கிக் கிடந்தது.

லோரன்ஸ் வந்து எட்டிப் பார்த்தபோது தண்ணீர் யேசுதாசனின் இடுப்புக்கு மேலே நின்றது. லோரன்ஸ் மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் கரண்ட் வேலை பார்ப்பவன். யேசுதாசன் அவனுடைய தங்கச்சி ரோஷானியின் புருஷன்.

"மச்சான், மோட்டர் கொண்டாந்தீங்களா?" என்று கீழேயிருந்து கத்தினான் யேசுதாசன். குரலில் கொஞ்சம் சிரிப்புகூட இருந்தது. பயந்தவன் அப்படித்தான் சிரிப்பான்.

"வந்துகிட்டிருக்கு. நீ அசையாம இரு."

சாலி என்கிற கூட்டாளி அவன் பக்கத்திலேயே இறங்கி, கக்கத்தில் கைகொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் வரிசையாக நின்று வாளியால் இறைத்தார்கள். ஒரு வாளி வெளியே போனால் இரண்டு வாளி உள்ளே வந்தது. தண்ணீர் இறங்கினால்தான் வாளை வைத்து மரத்தை அறுக்க முடியும். வேறு வழியே இல்லை.

குழி முதலாளி ஸம்சுதீன் பக்கத்துக் குழியிலிருந்து பெல்ட் பம்பொன்றைத் தூக்கிவந்து கரையில் வைத்திருந்தார். மூன்று பேஸ் கரண்ட் குழிக்கரைக் கொட்டிலிலேயே இருந்தது. மோட்டர் மட்டும்தான் குறை. அது ஃபேக்டரி ட்ரெக்டரில் வந்து இறங்கியதும் ஊரே ஓடிப்போய்த் தூக்கியது. நாலு நட்டை முடுக்கிப் பெல்ட்டையும் மாட்டிவிட்டார்கள்.

"இக்மன் கரண்ட மாத்தயா!" என்று, சீக்கிரம் செய்யச் சொல்லி யாரோ சிங்களத்தில் அவசரப்படுத்தினார்கள்.

லோரன்ஸ் மோட்டரின் பெட்டி மூடியைத் திறந்தான். உள்ளே ஆறு போல்ட்டுகள், மேலே மூன்று, கீழே மூன்று. மோட்டருக்குள் இருக்கும் மூன்று சுருள்களின் ஆறு முனைகள் அவை. பித்தளைப் பட்டைகள் மூன்றும் மேலும் கீழுமாக, நின்றவாக்கில் பூட்டப்பட்டிருந்தன. அது டெல்டா. அப்படி இருந்தால் லைனில் வரும் நானூறு வோல்ட்டும் முழுசாக ஒவ்வொரு சுருளிலும் இறங்கும்.

அவன் கை அங்கேயே நின்றுவிட்டது.

ஃபேக்டரி ஸ்டோரில் சும்மா கிடந்தவை இரண்டு மோட்டர்கள். ஒன்று நேராக லைனில் ஓடியது. அதற்கு டெல்டாதான் சரி. மற்றது வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் பெட்டியோடு ஓடியது. அந்தப் பெட்டி கொடுத்தது இருநூற்று முப்பதுதான், அதனால்தான் அதையும் டெல்டாவில் போட்டிருந்தார்கள். அதே மோட்டரை நானூறில் ஓட்ட வேண்டுமானால் பட்டைகளைக் கழற்றி, கீழ் வரிசை மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து ஸ்டாராக்க வேண்டும். இல்லாவிட்டால் சுருள் வெந்துபோகும். சரி, எதற்கும் ஸ்டாரிலேயே போட்டுவிடலாமே என்றால், அது முதலாவது மோட்டராக இருந்தால் இழுவை மூன்றில் ஒரு பங்காகிவிடும், பம்பைச் சுற்ற முடியாமல் முக்கி நிற்கும்.

கையில் கிடைத்ததை ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள், வந்திருப்பது எது? மோட்டரின் பிளேட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் பிளேட் எங்கே? வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு ஃபேக்டரியில் ஓடுவது, ஓடாதது எல்லாவற்றுக்கும் வெள்ளிப் பெயிண்ட் அடித்துச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். பிளேட் என்றும் பார்ப்பதில்லை, நட் என்றும் பார்ப்பதில்லை. மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரனான லோரன்ஸும் கூட நின்று பிரஷ் பிடித்தவன்தான். மினுமினுவென்று இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருந்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவன்தான்.

"மண்ணெண்ணெய் இருந்தா குடுங்க. கத்தி ஒண்ணும் வேணும்."

"என்னத்துக்கு?" ஸம்சுதீன் பதறினார். "ஃபேக்டரியில ஓடின மோட்டர்தானே லோரன்ஸ்? வயரக் குடுங்க!"

"குடுத்தா எரிஞ்சிரும் முதலாளி. இத விட்டா வேற மோட்டர் இல்ல."

சொன்னது புரிந்தவர்கள் அங்கே யாருமில்லை. மனுஷன் மூழ்கிக்கொண்டிருக்க, ஒருத்தன் உட்கார்ந்து பெயிண்ட் சுரண்டுகிறான். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவர்களைக் குறைசொல்லவும் முடியாது.

அந்த நேரம் பார்த்துத்தான் ரோஷானி வந்தாள். கொழுந்துக் கூடையை மலையில் போட்டுவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு ஓடிவந்திருந்தாள். குழியைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

"அண்ணே, என்ன செய்றீங்க?"

"பிளேட்ட பாக்கணும் தங்கச்சி. கொஞ்சம் பொறு."

"அவருக்கு நெஞ்சுக்கு மேல வந்துருச்சு! பொறுக்கச் சொல்றீங்களா?"

அவள் அவனுடைய தோளைப் பிடித்து உலுக்கினாள். கத்தி வழுக்கி அவன் விரலைக் கீறியது. அவன் அவளைத் தள்ளிவிட்டுச் சுரண்டினான். வெள்ளம் தலைக்கு மேலே போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். சொன்னவன் இந்த மாதிரிக் குழிக்கரையில் நின்றிருக்கமாட்டான். இங்கே ஒவ்வொரு விரற்கடையும் கணக்கு.

பெயிண்ட் உரிந்தது. டெல்டாவுக்கான முக்கோணக் குறிக்கு நேரே 230, ஸ்டாருக்கான ஒய்க் குறிக்கு நேரே 400. டிரைவில் ஓடிய மோட்டர்தான் வந்திருந்தது. அப்படியே கரண்ட் கொடுத்திருந்தால் எரிந்திருக்கும்.

சரியாகத்தான் நினைத்தோம் என்று ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது. அதற்காக அவன் பின்னாளில் தன்னையே வெறுத்தான்.

நட்டுகள் பெயிண்டில் இறுகியிருந்தன. ஒவ்வொன்றையும் கழற்றி, பட்டைகளை எடுத்து, கீழ் மூன்று போல்ட்டுகளுக்கும் குறுக்கே படுக்கவைத்துப் பூட்டினான். மேல் மூன்றிலும் லைன் வயர்கள். ஒரு நட்டு தளர்ந்தாலும் ஒரு பேஸ் விட்டுப்போய் மோட்டர் போய்விடும் என்பதால் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தான். மீட்டரை வைத்தான். மூன்று வயருக்கும் இடையே ஒரே அளவு காட்டியது. மோட்டரின் இரும்பு உடம்புக்குக் கரண்ட் ஒழுகுகிற வழியும் இல்லை.

கீழேயிருந்து சாலி கூப்பிட்ட சத்தம் கேட்டது. அது பேச்சாக இல்லை, வெறும் அலறலாக இருந்தது. ரோஷானி கரையில் மண்டியிட்டு மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

லோரன்ஸ் பொத்தானை அழுத்தினான். மோட்டர் சுற்றியது, சரியான பக்கத்துக்கே சுற்றியது. பெல்ட் இறுகிப் பம்பு தண்ணீரைப் பிடித்ததும், குழாய் வாயிலிருந்து சேற்று நீர் மனுஷன் தொடை பருமனுக்குப் பாய்ந்தது. வாளிக்காரர்கள் கை ஓய்ந்து நின்றார்கள். தண்ணீர் கண்ணெதிரே இறங்கியது.

முதலில் சாலியின் தலை தெரிந்தது. அவன் அண்ணாந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். இரண்டு கைகளும் எதையோ உயர்த்திப் பிடித்தபடி நீருக்குள் இருந்தன. பிறகு அதுவும் தெரிந்தது. யேசுதாசனின் முகம். கண் திறந்திருந்தது. வாயில் மண். சாலி அதை விடாமல் பிடித்துக்கொண்டு, "மச்சான், தண்ணி எறங்குதுடா, எறங்குதுடா" என்று அதன் காதில் சொல்லிக்கொண்டே இருந்தான். மேலே இழுத்து நெஞ்சை அமுக்கினாலாவது பார்க்கலாம். கால் இன்னும் மரத்தின் அடியில் இருந்தது.

பட்டையை மாற்றாமல் கரண்ட் கொடுத்திருந்தால்? பொத்தானைத் தொட்டதுமே ட்ரிப் ஆகி நின்றிருக்கலாம். அல்லது எரிந்து சாவதற்கு முன் உறுமிக்கொண்டு கொஞ்ச நேரம் இழுத்திருக்கலாம். அந்தக் கொஞ்ச நேரம் ஒரு மூக்கை நீருக்கு மேலே வைக்கப் போதுமாக இருந்திருக்குமா? எந்தப் பிளேட்டிலும் அது எழுதியிருக்காது.

மரத்தை அறுத்து உடலை எடுக்கும்வரை பம்பு ஓடவேண்டியிருந்தது. பொழுது சாயும்வரை அது ஓடியது. லோரன்ஸ் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, அடிக்கடி அதன் முதுகில் கை வைத்துப் பார்த்தான். சூடே இல்லை. சத்தத்தில் ஒரு பிசிறும் இல்லை.

ரோஷானி எழுந்து அவனிடம் வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தான். அடித்தால் நல்லது என்றும் நினைத்தான். அவள் மோட்டரைத்தான் பார்த்தாள்.

"நல்லா ஓடுதுண்ணே," என்றாள்.