ரிங்கிட்டை விழவைத்தது யார்?

குமரப்பன் கையில் மைக்கைக் கொடுத்தால் அவ்வளவுதான், மனுஷனுக்குத் தலைகால் புரியாது. மார்ச் மாதம் கோலாலம்பூரில் நடந்த மரச்சாமான் கண்காட்சியில் யாரோ ஒரு புண்ணியவான் அதைக் கொடுத்துத் தொலைத்தான். சரக்கு வாங்க வந்த வெளிநாட்டு பையர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தெலுக் பங்லிமா காராங்கில் ரப்பர் மர நாற்காலி செய்யும் தொழிற்சாலைக்கு முதலாளியான குமரப்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆங்கிலத்தில் முழங்கினார். எங்கள் நாட்டுப் பணமான ரிங்கிட் மலிவு. எங்கள் அரசாங்கமே எங்களுக்காக அதை மலிவாக வைத்திருக்கிறது. நீங்கள் பயப்படாமல் வாங்கிக்கொண்டே இருங்கள்! பலத்த கைதட்டல். அவருடைய ஏற்றுமதி மேலாளர் நித்யாவும் முன்வரிசையில் உட்கார்ந்து தட்டினாள். பாஸ் பேசினால் தட்டத்தானே வேண்டும்.

ஆகஸ்டில் வந்தது வினை. அமெரிக்காவில் நாற்காலி செய்கிறவர்கள் ஒன்றுசேர்ந்து அவர்கள் அரசாங்கத்திடம் மனுப் போட்டார்கள். மலேசியா தன் பணத்தை வேண்டுமென்றே மலிவாக்கி வைத்திருக்கிறது, அதனால் அந்த ஊர் நாற்காலி இங்கே அடிமாட்டு விலைக்கு வருகிறது, எங்கள் பட்டறைகள் படுத்துவிட்டன, இது ஏற்றுமதிக்குக் கொடுக்கும் மறைமுக மானியம், ஆகவே துறைமுகத்திலேயே கூடுதல் வரி போடுங்கள் என்று கேட்டிருந்தார்கள். அதற்கு ஆதாரமாகச் சேர்த்திருந்தவற்றில் ஒன்று ஒரு வீடியோ. அதில் குமரப்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

அன்றிலிருந்து மனுஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் பையர் ஒரே வரியில் மெயில் அனுப்பிவிட்டான். வரி உண்டா இல்லையா என்று தெரியும்வரை புது ஆர்டர் கிடையாது. ஆர்டர் இல்லையென்றால் இரண்டாவது ஷிஃப்ட் இல்லை. அந்த ஷிஃப்டில் காப்பாரிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் மோட்டார் சைக்கிளில் வந்து போகிற ஆட்களை நித்யாதான் ஒவ்வொருவராகப் பேசி வேலைக்குச் சேர்த்தவள். இப்போது போகச் சொல்லும் வேலையும் அவள் தலையில்தான் விழும்.

பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு சேலைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது வணிக வழக்குகள் நடத்தும் ராதாகிருஷ்ணனின் அலுவலகம். மோனோரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. குமரப்பன் உட்கார்ந்தார், எழுந்தார், போனில் டாலர் விலையைப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார்.

“பாஸ், போனைக் கொஞ்சம் கவுத்து வைங்க லா. விலை ஓடிப் போயிடாது,” என்றார் ராதாகிருஷ்ணன்.

“ஓடிக்கிட்டுதானே இருக்கு! வியட்நாம்காரன் பணம் விழுந்தா மட்டும் யாரும் கேக்க மாட்டாங்களா?”

“ஏன் கேக்காம? வியட்நாம் டயர் மேல அமெரிக்கா இதே காரணத்துக்கு வரி போட்டுச்சே. பணம் மலிஞ்சா சரக்கு மலியும், சரக்கு மலிஞ்சா அங்க ஒருத்தன் கடையைச் சாத்துவான். சாத்தறவன் சும்மா இருப்பானா? ஒண்ணு வரி போடச் சொல்லுவான், இல்ல எங்க பணத்தையும் மலிவாக்குங்கன்னு அவன் அரசாங்கத்தோட சட்டையைப் புடிப்பான். எல்லாரும் மாத்தி மாத்தி மலிவாக்கினா கடைசியில லாபம் யாருக்கு?”

“பையருக்கு,” என்றாள் நித்யா பட்டென்று. “போன வருஷம் ரிங்கிட் விழுந்த வாரமே விலையைக் குறைன்னு மெயில் அனுப்பிட்டான். குறைச்சோம். அப்புறம் வியட்நாம் பணம் விழுந்துச்சு, அவங்க குறைச்சாங்க. அதைக் காட்டித் திரும்ப நம்மகிட்டயே வந்தான். நம்ம பெயிண்ட், ஸ்க்ரூ எல்லாம் டாலர் விலை. அது ஏறிப்போச்சு.”

குமரப்பன் அவளை முறைத்தார். வக்கீல் முன்னால் குடும்ப ரகசியத்தைச் சொன்னமாதிரி இருந்தது அவருக்கு.

“அது வியாபாரம், கேஸு வேற,” என்று ராதாகிருஷ்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். “இங்க கேள்வி ஒண்ணுதான். ரிங்கிட் தானா விழுந்துச்சா, யாராவது தள்ளிவிட்டாங்களா? தானா விழுந்தா குத்தமில்ல. மத்திய வங்கி ரிங்கிட்டை வித்து டாலரா வாங்கிக் குவிச்சிருந்தா, தள்ளிவிட்டதா அர்த்தம். நம்ம ஊர்ல நடந்தது தலைகீழ். அமெரிக்காவுல வட்டி ஏறிச்சு, பணமெல்லாம் அங்க ஓடிச்சு, ரிங்கிட் சரிஞ்சிச்சு. நம்ம வங்கி கையிருப்பு டாலரை வித்து அதைத் தாங்கிப் புடிக்கத்தான் பாத்துச்சு. அரசாங்கம் கணக்கோட அதைச் சொல்லிடும். ஆனா வீடியோவுல ஒரு ஏற்றுமதிக்காரரே வேற மாதிரி சொல்றாரு. அதுக்கு நான் என்ன பதில் எழுதட்டும்?”

“விளையாட்டுக்குச் சொன்னேன்னு எழுதுங்க.”

“அது எடுபடாது பாஸ். உங்களுக்கே நேர்ல நடந்தது ஏதாவது வேணும். அரசாங்கம் ரிங்கிட்டை ஏத்தப் பாத்துச்சுன்னு நீங்க கண்ணால பாத்தது, காதால கேட்டது. யோசிங்க.”

நித்யாவுக்கு யோசிக்கவே தேவையிருக்கவில்லை. பாஸைப் பார்த்தாள். பாஸ் மோனோரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வருஷ ஆரம்பத்தில், ரிங்கிட் படுபாதாளத்தில் கிடந்தபோது, அவர்களுடைய வங்கியிலிருந்து மலர் என்கிற அதிகாரி ஓயாமல் போன் செய்தாள். ஏற்றுமதியில் வந்த டாலரைக் கணக்கில் அப்படியே தூங்கவிடாமல் ரிங்கிட்டாக மாற்றச் சொல்லுங்கள் என்று மத்திய வங்கி எல்லா வங்கிகளையும் கேட்டுக்கொண்டிருக்கிறது, உங்கள் பாஸிடம் ஒரு வார்த்தை பேச முடியுமா என்று பாவம் அவ்வளவு பணிவாகக் கேட்பாள். குமரப்பனோ டாலர் ஐந்து ரிங்கிட்டுக்குப் போகும் என்று கனவு கண்டுகொண்டிருந்தார். போன் வந்தாலே கையை ஆட்டுவார். நித்யாவும், “பாஸ் இல்லீங்க, வெளியூர் போயிருக்காரு,” என்பாள். ஒருநாள் அவர் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாளே போட்டுக்கொண்டார்.

காரில், ஃபெடரல் ஹைவே நெரிசலில், அவள் வாயைத் திறந்தாள்.

“பாஸ், மலர் போன் பண்ணுச்சே…”

“வாயை மூடு.”

“அதைத்தானே வக்கீல் கேக்கறாரு. அரசாங்கம் ரிங்கிட்டை ஏத்தப் பாத்துச்சுன்னு அதைவிட என்ன சாட்சி வேணும்?”

“சாட்சியா? நாட்டுக்கே பணம் விழுந்து கிடக்கறப்போ, கொஞ்சம் டாலரை மாத்திக் கொடுங்க சாமின்னு கேட்டாங்க, குமரப்பன் கக்கூஸ்ல ஒளிஞ்சிக்கிட்டாருன்னு எழுதிக் கொடுக்கணுமா? மரச்சாமான் சங்கத்துல நாலு பேரு என்னை மதிப்பானா?”

“டாலரை வெச்சிக்கிட்டது சட்டப்படி தப்பில்லையே பாஸ்.”

“சட்டத்துக்கா பயப்படறேன்? மானம் போகும்டி!” என்று கத்திவிட்டு ஹாரனை ஒரு அழுத்து அழுத்தினார். முன்னால் போன லோரிக்காரன் கண்ணாடியில் எட்டிப் பார்த்தான்.

அவர் பூட்டிவைத்த டாலரும் அவரை நிம்மதியாக இருக்க விடவில்லை. அமெரிக்காவில் வட்டி இறங்கப்போகிறது என்ற பேச்சிலேயே ரிங்கிட் திடுதிப்பென்று ஏற ஆரம்பித்திருந்தது. ஐந்துக்குப் போகும் என்று அவர் நினைத்த டாலர் நாளுக்கு நாள் தேய்ந்தது. விற்கவும் மனசில்லை, வைத்திருக்கவும் வயிறு எரிந்தது. தொழிற்சாலைக் கூடம் முழுக்க மரத்தூளுக்கு நடுவே முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருந்தார்.

அடுத்த வாரம் பையரிடமிருந்து இன்னொரு மெயில் வந்தது. மாதக் கடைசிக்குள் தெளிவான பதில் இல்லையென்றால் வேறு நாட்டில் பார்த்துக்கொள்வானாம். குமரப்பன் அதைப் படித்துவிட்டு நித்யாவைக் கூப்பிட்டார்.

“ரெண்டாவது ஷிஃப்ட்டுக்கு இன்னிக்கே சொல்லிடு. அடுத்த மாசத்துலேர்ந்து இல்லைன்னு.”

“நான் சொல்ல மாட்டேன் பாஸ்.”

“என்னது?”

“உங்களுக்காக இல்லைன்னு சொல்லிச் சொல்லி என் வாய் புளிச்சிப் போச்சு. பேங்குக்கு பாஸ் இல்லைன்னேன். இப்போ இவங்களுக்கு வேலை இல்லைன்னு சொல்லணுமா? என்னால முடியாது. மைக்ல நீங்க நல்லாப் பேசுவீங்களே. நீங்களே சொல்லுங்க.”

அவளுக்கு வேலை போனாலும் போகட்டும் என்றிருந்தது.

குமரப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. விறுவிறுவென்று கூடத்துக்குப் போனார். ஷிஃப்ட் மாறுகிற நேரம். அறிவிப்பு மைக்கை எடுத்து ஸ்விட்சைப் போட்டார். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. மரம் இழைக்கிற நாகையா காதில் செருகியிருந்த பஞ்சை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். தீபாவளி நெருங்குகிறது, போனஸ் விஷயமாக இருக்கும் என்று நினைத்தார்போல, முகத்தில் சிரிப்பு வேறு.

குமரப்பன் வாயைத் திறந்தார். மைக் மட்டும் கொய்யென்று இழுத்தது. ஜென்மத்தில் முதல் தடவையாக அந்த மனுஷனுக்கு மைக்கில் பேச்சு வரவில்லை. கடைசியில், “சரி… வேலையைப் பாருங்க,” என்று முணுமுணுத்துவிட்டு அதை வைத்தார். நித்யாவைத் தாண்டிப் போகும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“ராதாகிருஷ்ணனுக்குப் போன் போடு,” என்றார்.

இரண்டு நாளில் வாக்குமூலம் தயாராகிவிட்டது. பிரிக்ஃபீல்ட்ஸில் அதே தெருவில், போட்டோகாப்பி கடைக்குப் பக்கத்தில், சத்தியப் பிரமாணம் வாங்கும் ஆணையர் ஒருவர் சின்ன அறையில் உட்கார்ந்திருந்தார். ராதாகிருஷ்ணன் பாஸின் மானத்தை மனசில் வைத்து நாசூக்காக எழுதியிருந்தார். வங்கிகள் கேட்டுக்கொண்டபோதும் சில ஏற்றுமதியாளர்கள் டாலரை மாற்றாமல் வைத்திருந்தனர் என்று இருந்தது.

குமரப்பன் அந்த வரியில் விரலை வைத்தார்.

“யாரு அந்த சில பேரு?”

“பொதுவாப் போட்டிருக்கேன் பாஸ். உங்களுக்கு சங்கடமா இருக்கக்கூடாதுன்னு…”

“பொதுவாச் சொன்னா அமெரிக்காக்காரன் நம்புவானா?”

ராதாகிருஷ்ணன் தலையைச் சொறிந்தார். “கஷ்டம்தான். பேரோட சொன்னா வலுவா இருக்கும். ஆனா அப்பவும் வரி வராதுன்னு நான் வாக்குக் கொடுக்க முடியாது. அரசாங்கக் கணக்கும் இதுவும் ஒண்ணா நின்னா, அந்த வீடியோவுக்கு மதிப்புப் போயிடும். அவ்வளவுதான்.”

“எழுதுங்க. குமரப்பன் வெச்சிருந்தான்னு எழுதுங்க. மேடையில பெருமைக்குப் பொய் சொன்னான்னும் எழுதுங்க.”

புதிதாக அச்சடித்து வந்ததும் ஆணையர் கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து, இதில் உள்ளதெல்லாம் உண்மைதானா என்று மலாயில் கேட்டார். குமரப்பன் ஆமாம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். முத்திரை விழுந்தது.

அந்த நேரம் பார்த்து நித்யாவின் போன் அடித்தது. திரையில் மலர். பிப்ரவரி, மார்ச்சில் செய்த அழைப்புகளை வங்கி எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும் என்று ராதாகிருஷ்ணன் கேட்டிருந்தார். கணக்கு வைத்திருப்பவர் தன் வாயால் சம்மதம் சொன்னால்தான் வங்கியால் எதையும் வெளியே கொடுக்க முடியும்.

“ஹலோ, நித்யாவா? உங்க பாஸ்கிட்ட ஒரு வார்த்தை பேசணும். இருக்காரா?”

பாழாய்ப்போன பழக்கம். நித்யாவின் வாய் தானாகத் திறந்தது. “பாஸ் இல்ல…”

குமரப்பன் கையை நீட்டினார்.

“இருக்கேன்னு சொல்லு.”