ஜெர்வினின் கார் நின்ற இடம்

பாளையங்கோட்டையில் இருக்கும் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் நலச்சங்கத்துக்கு ஜெமிமாதான் செயலாளர். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பாதி வீடுகளில் சொந்தக்காரர்கள் இருந்தார்கள், மீதியில் வாடகைக்காரர்கள். கார் நிறுத்துவதில் ஞாயிற்றுக்கிழமைதோறும் சண்டை வந்தது. மூன்றாம் மாடிக் கிருபைராஜ் அண்ணாச்சி கோயிலுக்குப் போய்விட்டு வந்து, தன் இடத்தில் யாரோ காரை நிறுத்தியிருப்பதைக் கண்டு கத்திய அன்றுதான் ஜெமிமா முதல் அறிவிப்பை எழுதினாள். வாடகைக்கு இருப்பவர்கள் காரைச் சுற்றுச்சுவருக்கு வெளியேதான் விட வேண்டும். பொதுக்குழுவைக் கூட்டவில்லை. நிர்வாகிகள் மட்டும் கையெழுத்துப் போட்டார்கள். சொந்தக்காரர்கள் பாராட்டினார்கள்.

இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருந்த ஜெர்வின் அன்றைக்கே காரைத் தெருவுக்குக் கொண்டுபோனான். தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை, தினமும் போய்வருகிறவன். அவன் மனைவி அஞ்சலினுக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை நடந்து, வாக்கர் என்கிற கைப்பிடிச் சட்டத்தை ஊன்றித்தான் நடந்தாள். அது ஜெமிமாவுக்குத் தெரியும். தெரிந்தும், லிப்ட்டை ஒட்டி ஜெர்வின் விட்டுப்போன இடம் சும்மா கிடக்கிறதே என்று, மஸ்கட்டில் இருக்கும் மகனின் காரை அங்கே விட்டாள். அதுவரை அந்தக் கார் விருந்தாளிகளுக்கான இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய ஜெர்வினின் கார் வாசலில் நின்றது. காவலாளி இசக்கிமுருகன் அறிவிப்பைக் காட்டி, உள்ளே விட முடியாது என்று சங்கடத்தோடு சொன்னான். ஜெர்வின் குடை பிடிக்க, அஞ்சலின் இறங்கி, சாக்கடை மூடியின் மேல் சட்டத்தை வைத்து வைத்து நனைந்துகொண்டே வந்தாள். பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினாள். ஜெமிமா தன் வீட்டு ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தாள். இறங்கிப்போய்க் கதவைத் திறக்கச் சொல்ல அவளுக்கு அதிகாரம் இருந்தது. ஆனால் அவள் திரைக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

அன்று இரவு பெங்களூரில் இருந்த, ஜெர்வின் வீட்டின் சொந்தக்காரருக்குப் போன் செய்தாள். கார் இடத்தையும் சேர்த்துத்தான் வாடகைக்கு விட்டிருப்பதாகவும், ஒப்பந்தத்திலேயே அது இருப்பதாகவும், தன்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்றும் அவர் சொன்னார்.

மறுநாள் காலையில் ஜெமிமா மகனின் காரை அங்கிருந்து எடுக்கப் போனபோது பேட்டரி செத்திருந்தது. இசக்கிமுருகன் ஒருவனால் அதைத் தள்ள முடியவில்லை. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஜெர்வின் பையைக் கீழே வைத்துவிட்டு வந்து கைகொடுத்தான். ஜெமிமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, ஜெர்வினின் இடத்தை அடைத்த காரை அவனே தள்ளுவதைக் கண்ணாடியில் பார்த்தாள். அவன் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் அவளை அதிகம் வதைத்தது.

பொதுக்குழுவைக் கூட்டினாள். வாடகைக்காரர்களுக்கு ஓட்டு இல்லை என்றாலும், வந்து பேசச் சொல்லி அழைத்தாள். புதிய விதிகளை வாசித்தாள். ஒரு வீட்டுக்கான இடம் அந்த வீட்டில் குடியிருப்பவருக்கே. சொந்தக்காரர் இடத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டால் அதை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். விருந்தாளிகளின் இடம் பொது, அதை யாரும் நிரந்தரமாகப் பிடிக்கக் கூடாது. இரண்டாவது கார் வைத்திருப்பவர்களுக்கு, மிச்சமுள்ள திறந்த இடங்கள் குலுக்கல் முறையில் மாறி மாறிக் கிடைக்கும். நோயாளியை ஏற்றி இறக்க எந்த வண்டியும் உள்ளே வரலாம்.

"சொந்தக்காரனும் வாடகைக்காரனும் ஒண்ணாம்மா?" என்றார் கிருபைராஜ்.

"வீட்டோட சேந்த இடம் அண்ணாச்சி. வீட்டுல இருக்கவகளுக்குத்தான் அது. ஜெர்வின் தம்பிய வெளிய அனுப்பிட்டு அந்த எடத்துல எம் மவன் காரத்தான் நிறுத்துனேன். செஞ்சது தப்பு."

ஜெமிமா தீர்மானத்தை ஓட்டுக்கு விட்டாள். பிறகு கைகள் உயர்ந்தன. பெரும்பான்மையில் தீர்மானம் நிறைவேறியது. கிருபைராஜ் மட்டும் கையைத் தூக்கவில்லை.

அறிவிப்பின் நகலோடு ஜெமிமா இரண்டாம் மாடிக்கு ஏறினாள். வீட்டுக்குள் அட்டைப்பெட்டிகள் கட்டியிருந்தன. பெருமாள்புரத்தில் தரைத்தள வீடு ஒன்று கிடைத்துவிட்டதாம், அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டதாம். அஞ்சலின் தாளை முழுக்கப் படித்தாள்.

"நல்லா எழுதியிருக்கியக்கா. அடுத்து வாறவுகளுக்கு ஒதவும்."

"மன்னிச்சிரும்மா. ஒன் நெலம தெரிஞ்சும் அப்படி எழுதிட்டேன்."

அஞ்சலின் தாளை மடித்து ஒரு பெட்டியின் மேல் வைத்தாள்.

"அன்னைக்கு மழையில நான் மேல பாத்தேன்க்கா. நீங்க நின்னிய. இப்ப வருவாவ, இப்ப வருவாவன்னுதான் நெனச்சேன்."

அஞ்சலின் ஜெமிமாவை உட்காரச் சொன்னாள், காபி வேண்டுமா என்று கேட்டாள். ஜெமிமா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டே இருந்தாள்.

அவர்கள் வீடு மாறும்வரை ஜெர்வின் தன் காரை லிப்ட்டை ஒட்டியே விட்டான். அந்த நாட்களில் ஜெமிமா லிப்ட்டைத் தவிர்த்து, மூட்டுவலியோடு படிக்கட்டில் ஏறினாள்.