நடிகரும் நாயின் மூக்கும்

திங்கட்கிழமை முதல் சர்க்கரை மாத்திரையை நிறுத்தப்போவதாகத் தவசிமுத்து குடும்பக் குழுவில் அறிவித்துவிட்டார். கூடவே ஒரு படம். பிரபல நடிகர் ஒருவர் வெள்ளை நாயை அணைத்தபடி ஒரு பொடி டப்பாவை நீட்டிக்கொண்டிருந்தார். ‘பதினைந்தே நாளில் சர்க்கரை காலி’ என்று எழுதியிருந்தது. கான்சாபுரத்துத் தங்கை சுடலைமாடத்தி அதற்கு எட்டு கும்பிடு போட்டிருந்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள் மாரீஸ்வரி, அரைநாள் விடுப்பு எழுதிவிட்டு அப்பா இருக்கும் ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினாள். போன வருடம் புண்பட்ட அப்பாவின் கால்விரல் இன்னும் அவள் கண்ணிலேயே நின்றது.

படத்தின் மேலிருந்த இரட்டை அம்புக்குறியைக் காட்டி, பல கை மாறி வந்தது என்றாள். நல்ல சேதி நாலு பேருக்குப் போகத்தானே செய்யும் என்றார் தவசிமுத்து. நடிகரின் கையில் ஆறு விரல், இது கம்ப்யூட்டர் வரைந்த போலிப் படம் என்றாள். கருத்தையா மாமாவுக்கும் ஆறுதான் என்றார். டப்பாவில் இருப்பது எந்த மொழி எழுத்துமே இல்லை என்றாள். அவள் கடைக்கு வரும் டாக்டர் சீட்டு மட்டும் என்ன லட்சணம் என்று கேட்டார். நடிகரின் சொந்தப் பக்கத்தைத் திறந்து, பொடியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்று காட்டினாள். அவருக்கு ஆயிரம் ஜோலி இருக்கும் என்றார்.

கடைசி முயற்சியாக, டப்பாவின் ஓரத்தைக் காட்ட மாரீஸ்வரி படத்தைப் பெரிதாக்கினாள். விரல் நழுவி நாயின் முகம் திரையை நிறைத்தது.

நாற்பது வருடம் ராஜபாளையம் நாய் வளர்த்தவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டார்.

“ஏட்டி, மூக்கு கருப்பா இருக்கு.”

“இருக்கட்டும்ப்பா.”

“ராஜபாளையம் நாய்க்கு மூக்கு செவப்பால்ல இருக்கும். பாவம், ராஜபாளையம்னு சொல்லி இவர யாரோ ஏமாத்திட்டான்.”

மாரீஸ்வரி தலையில் கை வைத்துக்கொண்டாள். அதற்குள் அவர், நடிகரை எச்சரிக்க வேண்டுமென்று படத்திலிருந்த எண்ணை அழைத்துவிட்டார். எதிர்முனையில் பேசியவன் தான் நடிகரின் மேனேஜர் என்றான். அசல் ராஜபாளையம்தான் ஐயா, சார் குட்டியிலிருந்து கையாலேயே பாலூட்டி வளர்த்தது என்று சத்தியம் செய்தான்.

தவசிமுத்து போனை அணைத்தார்.

“நாயிலயே இம்புட்டுப் பொய் சொல்லுதவன், பொடியில சொல்ல மாட்டானா?”

மாத்திரையை விழுங்கி, தண்ணீர் குடித்துவிட்டு, அந்த மூக்கைப் பற்றி நாலு நிமிடக் குரல் பதிவொன்றைக் குழுவில் போட்டார். பொடியைப் பற்றி அதில் அரை நிமிடம் இருந்தது.

சுடலைமாடத்தி உடனே வேறொரு படம் அனுப்பினாள். ஒரு நடிகை மூட்டுவலித் தைலத்தோடு சிரித்தாள். ‘இதுல நாயே இல்லண்ணே. அப்ப வாங்கலாம்ல?’

தவசிமுத்து போனை மகளிடம் நீட்டினார்.

“அந்த அம்பு, வெரலு, சொந்தப் பக்கம்னு என்னமோ சொன்னியே. அம்புட்டையும் ஒங்க அத்தைக்குச் சொல்லு. நான் சொன்னா அவ எங்க கேக்கா?”