எந்த ஊர் அரபி?

அந்தப் பெண் பொய் சொல்கிறாள் என்றுதான் நானும் முடிவு கட்டியிருந்தேன். மலாய்த் தீவு நகரமான ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் வெளிநாட்டு நோயாளிகளைக் கவனிப்பது என் வேலை. இந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகு யாரையும் சட்டென்று நம்புவதை விட்டுவிட்டேன்.

நஜாத் மொரோக்கோக்காரி. கணவர் கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் ஓர் ஆலையில் பொறியாளர். அன்று காலைதான் விமானம் ஏறியிருந்தார், போன் அணைந்து கிடந்தது. ஒரு வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவன் காலிலும் முதுகிலும் நீலம் பாய்ந்த தடங்கள். டாக்டர் காமினி தடங்களைப் பார்த்தார், தாயைப் பார்த்தார், உடனே எனக்குப் போன் அடித்தார்.

"அரபி தெரிஞ்ச ஆள் வேணும் துளசி. சீக்கிரம்."

அரபி என்றால் எங்களுக்கு ஜபருல்லா பாய்தான். கெய்ரோவில் படித்தவர், உம்ரா புனிதப் பயணங்கள் ஏற்பாடு செய்கிறவர். "அரபி பேசுவீங்களா?" என்று அவர் அரபியில் கேட்டார். அவள் தலையாட்டினாள். அத்தோடு விசாரணை ஆரம்பமாகிவிட்டது.

பையன் கட்டிலிலிருந்து விழுந்தான் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, தன் அண்ணன் அடித்தான் என்றாள். அப்புறம் யாருமே அடிக்கவில்லை என்றாள். பாய் இப்படித்தான் எங்களுக்குச் சொன்னார்.

"கேக்கக் கேக்க கதை மாறுது" என்றார் காமினி. "பிள்ளைங்களைப் பாதுகாக்குற வெல்ஃபேர் இலாகாவுக்குச் சொல்லிட்டேன். அவங்க வர்ற வரைக்கும் பையன் வார்டுல இருக்கட்டும். அம்மாவை உள்ள விடாதீங்க."

வார்டுக் கதவு சாத்தியதும் நஜாத் கூச்சல் போட்டாள். நடிப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த அண்ணன் மட்டும் மண்டையைக் குடைந்தான். அடித்தவன் எங்கே?

அவளைக் காரில் கொண்டுவந்த பக்கத்து வீட்டுச் சீன அம்மா வெளியே உட்கார்ந்திருந்தார். மலாயில் விசாரித்தேன். அந்த வீட்டில் புருஷன், பெண்டாட்டி, பிள்ளை தவிர யாரும் கிடையாது, அண்ணன் எவரும் வந்ததே இல்லை என்றார்.

என் சந்தேகம் மெல்லத் திசை மாறியது. பாயிடம் போனேன்.

"பாய், காலையில ஆஸ்பத்திரிக்கு எப்படி வந்தாங்கன்னு கேளுங்க."

"இது எதுக்கும்மா?"

"கேளுங்க லா."

கேட்டார். நஜாத் வேகமாக நிறையப் பேசினாள். பாய் தாடியைத் தடவிக்கொண்டே, "ஆயர் ஈத்தாம்லேர்ந்து பஸ்ல, தனியா வந்தாங்களாம்" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "பஸ்ஸாவது! அவங்களைத் தன் கெரேத்தால கொண்டாந்த பக்கத்து வீட்டம்மா வெளியதான் உக்காந்திருக்காங்க. உண்மையைச் சொல்லுங்க பாய், இவங்க பேசுறது உங்களுக்கு வெளங்குதா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "நான் பேசுற கெய்ரோ அரபி அவங்களுக்குக் கொஞ்சம் வெளங்குது. அவங்க பேசுறதுதான்... அங்கொண்ணு இங்கொண்ணு பிடிபடும். மீதியை நானா சேர்த்துக்குவேன். அரபின்னா அரபிதானேன்னு வந்துட்டேன்."

அவரை அங்கேயே அறைந்திருப்பேன். ஆனால் எந்த ஊர் அரபி என்று நானும்தானே கேட்கவில்லை.

தொலைபேசி வழியே மொழிபெயர்க்கும் நிறுவனத்தைக் கூப்பிட்டேன். அங்கே எடுத்தவள் முதலில் கேட்டதே அதுதான். எந்த நாடு, எந்தப் பக்கம்? வீட்டில் பேசுவது மொரோக்கோ அரபியா, அங்குள்ள பூர்வகுடிகளின் பெர்பர் மொழியா? நஜாத்தின் ஊர் தாஞ்சியர், வீட்டில் அரபிதான் என்று பாய் தட்டுத்தடுமாறிக் கேட்டுச் சொன்னார். சற்று நேரத்தில் மொரோக்கோக்காரி ஒருத்தி லைனில் வந்தாள்.

நஜாத் போனை முறைத்தாள். இப்போது சந்தேகப்படுவது அவள் முறை. லைனில் வந்தவள் பையனைப் பற்றி எதுவும் கேட்காமல், தாஞ்சியரில் எந்தத் தெரு, அங்கே கடைசியாகப் போனது எப்போது என்று பேச்சுக் கொடுத்தாள். நஜாத்தும் பதிலுக்கு அவளைக் குறுக்கு விசாரணை செய்தாள். ஒருவர் பேச்சு மற்றவருக்குத் தடையில்லாமல் புரிகிறது என்று உறுதியான பிறகே, "டாக்டர் கேட்கலாம்" என்றாள் போனிலிருந்தவள்.

காமினி ஆரம்பத்திலிருந்து கேட்டார். பதில் ஆங்கிலத்தில் நிதானமாக வந்தது.

"பையன் கட்டிலிலிருந்து விழவில்லை, யாரும் அடிக்கவில்லை. தவழ ஆரம்பித்ததிலிருந்து லேசாக இடித்தாலே நீலம் பாய்கிறது. என் அண்ணனுக்கும் சின்ன வயதில் இப்படித்தான். பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்காமல் செத்துப்போனான். காலையில் வந்ததும் முதலில் இதைச் சொல்லித்தான் ஊசி குத்தாதீர்கள் என்றேன்."

காமினியின் முகம் வெளுத்துவிட்டது. வார்டுக்கு ஓடினார், நானும் பின்னாலேயே ஓடினேன். காலையில் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்த கையில் சுற்றியிருந்த கட்டை அவிழ்த்தார். பிஞ்சு முழங்கை வீங்கிக் கறுத்துக் கிடந்தது.

"ரத்தம் உறையுற டெஸ்ட் ரிசல்ட் உடனே வேணும், ரத்த நோய் பாக்குற ஹெமட்டாலஜி டாக்டரைக் கூப்பிடுங்க" என்று தாதியிடம் கத்தினார். பிறகு தானே போய்க் கதவைத் திறந்து, வெளியே நின்ற நஜாத்தின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார்.