எட்டு மூட்டை

வேங்கிக்காலில் சலவை நிலையம் நடத்தும் எழிலரசியிடம் தினமும் பத்து மூட்டை துணி வந்தால், அதில் எட்டு விமல்ராஜின் லாட்ஜிலிருந்து வந்தவையாக இருக்கும். ஆறு வருஷமாக அப்படித்தான். இரண்டாவது மெஷினுக்குக் கடன் வாங்கியதும் அவர் லாட்ஜை நம்பித்தான்.

நடுவில் ஒரு நர்சிங் ஹோம் அவளைக் கூப்பிட்டது. அதைச் சொன்னதும் விமல்ராஜ் முகம் சுளித்தார்.

"ஆஸ்பத்திரித் துணியோட எங்க பெட்ஷீட்டா? வேணாம்மா. நான் இருக்கும்போது உனக்கு என்ன கவலை?"

அவள் நர்சிங் ஹோமுக்கு முடியாது என்று சொல்லிவிட்டாள்.

போன தை மாதம் அவர் கடைக்கே வந்து எந்த மெஷின், எந்த சோப்பு, ஒரு லோடுக்கு எவ்வளவு தண்ணீர் என்று விசாரித்தார். செங்கத்தில் மச்சான் கடை போடுகிறார் என்றார். எழிலரசி டீ வாங்கிக் கொடுத்து, ஒன்றுவிடாமல் சொன்னாள்.

மாசியில் ஒரு திங்கட்கிழமை லாட்ஜ் வண்டி வரவில்லை. அவளிடம் வேலை செய்த திரௌபதியும் வரவில்லை. எழிலரசி ஸ்கூட்டியில் லாட்ஜுக்குப் போனாள். பின்பக்கம் புது ஷெட். உள்ளே அவள் சொன்ன அதே மெஷின். திரௌபதி ஈரத் துணியை உதறிக்கொண்டிருந்தாள், நிமிரவே இல்லை.

"செலவு கம்மியாவுதும்மா, அதான். தப்பா எடுத்துக்காத" என்றார் விமல்ராஜ்.

"மச்சான் கடைன்னு சொன்னீங்களே, அண்ணே."

அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

மூன்று மாதம் மெஷின் ஒன்று சும்மா நின்றது. தவணைக்கு வளையலை அடகு வைத்தாள். பிறகு, வேண்டாம் என்று சொன்ன வாசலிலேயே போய் நின்றாள். நர்சிங் ஹோம் மேலாளர் கனகமாலா இரண்டு நாள் காக்க வைத்துத்தான் பேசினார். ஆஸ்பத்திரித் துணிக்கு ஒரு மெஷினைத் தனியாக ஒதுக்கினாள். அப்புறம் ஒரு பெண்கள் விடுதி, ஒரு கல்யாண மண்டபம், அடி அண்ணாமலையில் இரண்டு சின்ன லாட்ஜ்கள். லாட்ஜுக்குப் பௌர்ணமி கிரிவலத்தில்தான் கூட்டம். விடுதிக்கும் ஆஸ்பத்திரிக்கும் எல்லா நாளும் ஒன்றுதான். யாருடைய துணியும் மொத்தத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொண்டாள். லாபம் ஜாஸ்தி இல்லை. ஐந்து இடத்துக்கும் அலைந்ததில் கால் வீங்கியது.

கார்த்திகை தீபத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது விமல்ராஜ் காரில் எட்டு மூட்டையோடு வந்தார். மெஷின் மோட்டார் போய்விட்டதாம்.

"பழையபடி எல்லாத்தையும் நீயே எடுத்துக்கம்மா. எழுதியே தரேன்."

அவள் கை தானாக மூட்டை பக்கம் நீண்டது. எட்டு மூட்டை வந்தால் வளையலை உடனே மீட்டுவிடலாம்.

"ரெண்டு மூட்டை எடுத்துக்கறேன் சார். அதுக்கு மேல இடமில்ல."

"சாரா? நான் உன்ன தங்கச்சியா நெனச்சவன்."

"நானும் அப்படித்தாங்க நெனச்சேன்" என்றாள். திரும்பி இரண்டு மூட்டையை மட்டும் உள்ளே இழுத்தாள். மீதி ஆறும் அவர் காரிலேயே திரும்பிப் போயின.