க்ளாம்ப் இல்லாத மூன்று இடங்கள்

இந்தக் காலத்து மனுஷங்களுக்கு ஒருத்தன் வாயால் சொன்னால் போதாது. படம் ஒட்டிய அட்டை வேண்டும், கையெழுத்து வேண்டும், அப்புறமும் பையைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். நாற்பது வருஷமாகக் குழாய் வேலை பார்க்கிற ஸ்பேனர் பெரியவர் இப்படித்தான் முணுமுணுத்துக்கொண்டே அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தார். அவரும் சாமானியமாக யாரையும் நம்புகிறவர் இல்லை. கடையில் வாங்கிய வாஷரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் பைக்குள் போட மாட்டார். ஆனால் அவர் மற்றவர்களைச் சந்தேகப்படுவது வேறு, மற்றவர்கள் அவரைச் சந்தேகப்படுவது வேறு.

காவலாளி அவருடைய போனைத் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். கருவிப் பைக்குள் கைவிட்டபோது "கீக்" என்று ஒரு சத்தம்.

"என்னய்யா இது?"

"ரப்பர் வாத்து. என் பேரனுக்கு. வேணும்னா அதுக்கும் ஒரு அட்டை கேளு."

காவலாளி சிரித்துவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார். உள்ளே வேலைக்கான தேர்வுக்குக் கேள்வித்தாள் தயாராகிறது. தாளை உறையில் போட்டு அரக்கு வைக்கும்வரை உள்ளே போனவர் யாரும் வெளியே வர முடியாது. கை கழுவுகிற இடத்தில் குழாய் பிய்த்துக்கொண்டு ஊற்றுகிறது, அதனால்தான் அவரைக் கூப்பிட்டது.

"எப்ப முடியும்?"

"மூணு மணிக்கெல்லாம் முடிஞ்சிரும் பெரியவரே."

மூன்று என்றால் பரவாயில்லை. ஆறு பத்துக்கு வரும் ரயிலில் அவருடைய மகள் போகிறாள். புருஷன் வேலை பார்க்கும் ஊருக்குக் குடும்பத்தோடு பயணம். இங்கே இறங்கப் போவதில்லை, வண்டி பத்து நிமிஷம் நிற்கும், அவ்வளவுதான். பேரனுக்கு ஒன்றரை வயது. போன் திரையில்தான் இதுவரை பார்த்திருக்கிறார். அதிலும் பாதி நேரம் பையனின் நெற்றி மட்டும்தான் தெரியும்.

குழாயை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டார். துருப்பிடித்த முழங்கை வளைவைச் சுத்தியலால் தட்டிக் கழற்றி, புதிதாகப் போட்டு, குழாய் ஆடாமல் பிடிக்கச் சுவரில் க்ளாம்ப் அடித்து, தண்ணீரைத் திறந்து அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்து பார்த்தார். ஒரு சொட்டு இல்லை.

மணி மூன்றானது. கதவு திறக்கவில்லை. நான்கானது. அப்போதும் திறக்கவில்லை. நாலரைக்கு அவர் நேராக வேலை நடக்கும் அறைக்குள்ளேயே போய் நின்றார். நீளமான மேஜை, சுற்றி நாலைந்து பேர். ஒரு முனையில் நரைத்த தலையோடு பெரிய டீச்சர். எதிரே, பேனாவைக் கடித்துக்கொண்டு சின்ன டீச்சர்.

"ஏம்மா, மூணு மணின்னு சொன்னாங்க. என் கடிகாரம் தப்பா, இல்ல உங்க மூணு வேறயா?"

"உக்காருங்க ஐயா," என்றார் பெரிய டீச்சர். "கோடிட்ட இடத்தை நிரப்புற பத்தி ஒண்ணு பழைய புத்தகத்துல வந்தது மாதிரியே இருந்துச்சு. தூக்கிட்டோம். இவ புதுசா ஒண்ணு எழுதியிருக்கா. நாங்க எல்லாரும் போட்டுப் பாத்தாச்சு, ஒரே விடைதான் வருது. ஆனா எழுதும்போதே பாத்தவங்க போட்டது கணக்கில்ல. பாக்காத ஒரு ஆள் போட்டுப் பாக்கணும். அது என் பிடிவாதம்."

"அப்ப பாக்காத ஆளைக் கூப்பிடுங்க."

"இந்தக் கட்டடத்துல பாக்காத ஆள் நீங்களும் வாட்ச்மேனும்தான்."

பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். "நான் அஞ்சாவதோட நின்னவன்மா. இப்ப எழுதச் சொல்வீங்க, அப்புறம் நான்தான் தாளைக் கெடுத்தேன்னு கேஸ் போடுவீங்க."

"வாசிக்கத் தெரியுமில்ல?"

"பேப்பர் வாசிப்பேன். நம்ப மாட்டேன்."

"போட்டுக் குடுத்தீங்கன்னா அரக்கு வைச்சுட்டு எல்லாரும் கிளம்பலாம். எனக்கும் வீடு இருக்கு."

அதுதான் அவரை உட்கார வைத்தது. முதலில் ஒரு உறுதிமொழிக் காகிதம். பார்த்ததை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று. இப்படிப் பல தாள்கள் பெட்டியில் கிடக்கின்றன, எது வெளியே போகும் என்பது தேர்வன்று காலையில்தான் தெரியும் என்று பெரிய டீச்சர் விளக்கினார். பெரியவர் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்து, காகிதத்தின் பின்பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

பிறகு பத்தி வந்தது:

*வீட்டுக்காரர் ஒழுகிய குழாயைத் தானே இறுக்கினார். சொட்டும் சத்தம் நின்றது. குழாய் சரியாகிவிட்டது என்று அவர் (1)______. அதனால் குழாய்க்காரரை (2)______. அன்று வீட்டில் சுத்தியல் சத்தம் (3)______. இரவு நிரப்பிய தொட்டி காலையிலும் நிறைந்தபடியே இருந்தது. தான் எடுத்த முடிவு (4)______ என்று அவருக்குத் தெரிந்தது. அவர் முகத்தில் (5)______ பரவியது.*

"அடிப்பாவி, நான் தட்டினதைக் கேட்டே எழுதிட்டியா!"

சின்ன டீச்சர் கூச்சத்தோடு சிரித்தாள். "உங்க சுத்தியல்தான் ஐயா காதுல விழுந்துட்டே இருந்துச்சு."

கீழே ஒவ்வொரு எண்ணுக்கும் நான்கு சொற்கள். இரண்டு ஒட்டவே ஒட்டாதவை. மிச்சம் இரண்டில்தான் சண்டை: நம்பினார், நம்பவில்லை. அழைக்கவில்லை, அழைத்தார். கேட்கவில்லை, கேட்டது. சரி, தவறு. புன்னகை, வாட்டம்.

சின்ன டீச்சருக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. இது அவள் எழுதிய முதல் பத்தி. இதுவரை மற்றவர்கள் எழுதியதைச் சரிபார்க்கும் வேலைதான். இது நின்றால் அடுத்த தாளிலிருந்து எழுதுகிறவர் பட்டியலில் அவள் பெயரும் ஏறும் என்று காலையில்தான் பெரிய டீச்சர் சொல்லியிருந்தார்.

பெரியவர் முழுவதையும் வாய்க்குள் ஒருமுறை படித்தார். பென்சிலை எச்சில் தொட்டு ஐந்து வட்டம் போட்டார். இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது.

நம்பவில்லை. அழைத்தார். கேட்டது. சரி. புன்னகை.

சின்ன டீச்சரின் முகம் சுண்டிப் போயிற்று. "ஐயா, முதல் மூணும் தப்பு."

"எப்படித் தப்பு? படிச்சுக் காட்டும்மா."

அவள் படித்தாள். குழாய் சரியாகிவிட்டது என்று அவர் நம்பவில்லை. அதனால் குழாய்க்காரரை அழைத்தார். அன்று வீட்டில் சுத்தியல் சத்தம் கேட்டது. தொட்டி நிறைந்தபடியே இருந்தது. முடிவு சரி. முகத்தில் புன்னகை. படிக்கப் படிக்க அவள் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. எங்கேயும் இடிக்கவில்லை.

"ஆனா சத்தம் நின்னுபோச்சே! நின்னா நம்பத்தானே செய்வாங்க?"

"சத்தம் நின்னா நம்பிருவியா நீ? அது சுவத்துக்குள்ள ஒழுக ஆரம்பிச்சிருக்கும். நான் நம்ப மாட்டேன். கூப்பிடுவேன். வந்தவன் தட்டுவான். காலையில தொட்டி குறையல. நான் செஞ்சது சரி. சிரிப்பேன். இதுல என்ன தப்பக் கண்ட?"

பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அப்புறம் தோள் குலுங்கச் சிரித்தார். "ரெண்டு விடை. அஞ்சும் அஞ்சும் பொருந்துது. நாம நாலு மணி நேரமா முட்டிக்கிட்டுப் பாத்தோம், ஒருத்தருக்கும் தெரியல. ஏன்னா நாம எல்லாரும் நம்புற ஆளுங்க."

"ஒண்ணு, ரெண்டு, மூணு, மூணையும் ஒண்ணோட ஒண்ணு பூட்டித்தான் வச்சேன்," என்றாள் சின்ன டீச்சர், அழாத குறையாக. "ஒண்ணு மாறினா மத்தது மாறியே ஆகணும்னு."

"அதுதான் மாறிருச்சே!" பெரியவர் பென்சிலால் மூன்று எண்களையும் தட்டினார். "மூணு பைப்பையும் ஒண்ணோட ஒண்ணு நல்லாத்தான் மாட்டியிருக்க. சுவத்துல க்ளாம்ப் எங்க? ஒருத்தன் வந்து தள்ளினா மூணும் சேந்து அந்தப் பக்கம் போகுது. கோடு போடாத எடத்துல, பூரா எழுதியிருக்கிற வரி ஒண்ணு அதைப் பிடிக்கணும்."

மணி நாலே முக்கால். சின்ன டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு வரியைச் செருகினாள். தொட்டி வரிக்கு முன்னால்: *வேலைக்கு யாரும் வரவில்லை.*

"இப்ப பிடிச்சாச்சு. மூணாவது 'கேட்கவில்லை'தான். சரியா ஐயா?"

அவருக்கு உடனே தலையாட்டிவிட்டுக் கிளம்பத்தான் ஆசை. ஆனால் கை பென்சிலை விடவில்லை.

"கூப்பிட்டு அவன் வரலேன்னா?"

"ஐயோ!"

"நான் நம்பல. கூப்பிட்டேன். அவன் வரல, இந்தக் காலத்துல எவன் சொன்ன நேரத்துக்கு வர்றான்? சத்தம் கேக்கல. காலையில பாத்தா தொட்டி நிறைஞ்சிருக்கு. கூப்பிட்டது தவறுன்னு தெரிஞ்சுது. தெண்டம் இல்லாம முடிஞ்சுதேன்னு சிரிச்சேன். இதுவும் போகுது பாரு."

"பெரியவரே, உங்க வீட்ல எப்படி உங்களோட காலம் தள்ளுறாங்க?" என்றார் பெரிய டீச்சர்.

"தள்ளிக்கிட்டுத்தான் இருக்கா பாவம்."

பெரிய டீச்சர் காகிதத்தைச் சின்ன டீச்சர் பக்கம் திருப்பி வைத்தார். தானே எழுதவில்லை. "முதல் இடத்துல தப்பான சொல்லைப் போடு. போட்டுட்டு முன்னாடி நட. எந்த வரியில இடிக்கணும்னு நீ நினைக்கிறியோ, அங்க ஆணியடி."

அவள் நடந்தாள். நம்பவில்லை, அழைத்தார்... அங்கேயே நின்றாள். யார் வந்தார்கள் என்பதையல்ல, கூப்பிட்டாரா என்பதைத்தான் பிடிக்க வேண்டும். புது வரியை அடித்துவிட்டு, தொட்டி வரிக்குப் பின்னால் எழுதினாள்: *"ஆளைக் கூப்பிடாமலே வேலை முடிந்துவிட்டதே" என்று மனைவி பாராட்டினார்.*

பெரியவர் வாசித்தார். மறுபடி முதலிலிருந்து போய்ப் பார்த்தார். கூப்பிடவில்லை என்று பெண்டாட்டியே சொல்லிவிட்டாள், இரண்டாவது அசையாது. 'அதனால்' என்று இருப்பதால் முதலாவது அதோடு நிற்கிறது. ஆள் வராத வீட்டில் சுத்தியல் எங்கிருந்து கேட்கும். பாராட்டும் நிறைந்த தொட்டியும் கடைசி இரண்டையும் பிடித்துக்கொண்டன.

"ஆடல," என்றார் மனசில்லாமல்.

காவலாளியைக் கூப்பிட்டார்கள். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் எண்ணில் 'நம்பவில்லை' மேல் வட்டம் போட்டார். சின்ன டீச்சர் மூச்சை நிறுத்தினாள். மெள்ளக் கீழே படித்துக்கொண்டே போனவர், மனைவி பேசுகிற வரியில் நின்று, "அட, கூப்பிடவே இல்லியா!" என்றார். மேலே திரும்பி வட்டத்தை அழித்து 'நம்பினார்' என்று போட்டார். மிச்சம் நான்கும் விறுவிறுவென்று விழுந்தன. ஐந்தும் சரி.

சின்ன டீச்சர் எழுந்து குதித்தே விட்டாள். மேஜை ஆட, கீழே கருவிப் பை சாய்ந்து வாத்தும் "கீக்" என்றது. அறை முழுவதும் சிரிப்பு.

"அடுத்த தாளுக்கு ரெண்டு பத்தி நீயே எழுது," என்றார் பெரிய டீச்சர், அரக்கை விளக்கில் காட்டியபடி. "ஐயா, நீங்களும் மாசாமாசம் வந்து போறீங்களா? குழாய் ஒழுகாட்டியும் பரவால்ல."

"வாத்தைச் சோதிக்க மாட்டோம்னு எழுதிக் குடுங்க, யோசிக்கிறேன்."

ஐந்து இருபதுக்கு முத்திரை விழுந்தது. கதவு திறந்தது. தகரப் பெட்டியிலிருந்து போன் கைக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டார். வண்டி சரியான நேரத்தில்தான் வருகிறதாம், நாலாவது பெட்டி, ஜன்னல் ஓரம். பின்னால் பேரன் என்னவோ கத்துவது கேட்டது. ஸ்டேஷன் நடந்தால் இருபது நிமிஷம். அரை மணி நேரம் கையில் மிச்சம்.

சின்ன டீச்சர் வாசல்வரை ஓடி வந்தாள். "ஐயா, ரொம்ப நன்றி. இப்ப அந்தப் பத்தி நிக்குதுல்ல?"

"பத்தி நிக்குதும்மா," என்றார் பெரியவர், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. "அந்த வீட்டுக்காரன்தான் நிக்க மாட்டான். ஒரு ராத்திரி தொட்டி குறையலேன்னு குழாய் சரியாயிருச்சுன்னு நம்புறான் பாரு. மூணு நாள் பாக்கணும். பொண்டாட்டி வேற பாராட்டுறாளாம்!"

அவள் பதில் சொல்வதற்குள் அவர் தெருவில் இறங்கிவிட்டார். எட்டு வைக்கும் ஒவ்வொரு தடவையும் பைக்குள் ஸ்பேனர் இடித்து வாத்து கத்தியது. அவரும் அதோடு சேர்ந்து, "சுவத்துக்குள்ளதான் ஒழுகுது, எழுதி வச்சுக்க," என்று முணுமுணுத்தபடியே ஸ்டேஷன் பக்கம் நடந்துகொண்டிருந்தார்.